நூறு இரண்டுகளும் ஒற்றை மீனும்

ஜான்சிக்கு எதிலும் குழப்பம்தான். ஒன்பது வருஷம் ஒரே பஸ்ஸில் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், ஆனாலும் தினமும் ஏறியதும் "இது கோபாலபுரம் போகும்ல?" என்று கண்டக்டரிடம் கேட்பாள். அவர் போகும் என்று சொன்ன பிறகு பக்கத்து ஸீட்டுக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்து பீரோவைப் பூட்டிவிட்டு கேட் வரைக்கும் வருவாள். "மிஸ், பூட்டினேனா?" என்று என்னைக் கேட்பாள். நான் முறைப்பேன். அவள் திரும்பி ஓடி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். பொறுமைசாலி என்று என்னை யாரும் இதுவரை சொன்னதில்லை.

நான் ரத்னா. அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் கணக்கு டீச்சர்கள். நான் பதினொன்றும் பன்னிரண்டும், அவள் ஒன்பதும் பத்தும். அவளுக்கு முப்பத்தாறு வயசு, எனக்கு நாற்பத்தொன்று. பட்டினப்பாக்கத்தில் கடலை ஒட்டி அவள் வீடு. அம்மா தேசம்மா மயிலாப்பூரில் மீன் விற்கிறவர். வீட்டுக்காரர் மிக்கேல் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அந்தத் தெருவிலேயே எம்.எஸ்ஸி. கணிதம் படித்த ஒரே ஆள் ஜான்சிதான். அதை எப்படிப் படித்து முடித்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "தேற்றமெல்லாம் மண்டையில ஏறாது மிஸ். எல்லாத்தையும் போட்டுப் போட்டுப் பாத்துக்கினே பாஸ் ஆயிட்டேன்" என்றாள்.

போட்டுப் பார்ப்பதுதான் அவள் வழி. ஓர் எண் ஒன்பதால் வகுபடுமா என்று தெரிய, இலக்கங்களைக் கூட்டினால் போதும். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, அதனால் அந்தக் குறுக்குவழி செல்லும். இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஜான்சி இலக்கங்களைக் கூட்டுவாள். கூட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நீள் வகுத்தலும் போட்டுப் பார்ப்பாள். அதைப் பார்க்கும் போதெல்லாம் "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு ஏன் அலையுற?" என்று திட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் அவளை ரொம்பப் பிடிக்கும். எந்த டீச்சர் போர்டு முன்னால் நின்று "எனக்கும் கொயப்பமாத்தான் கீது, வாங்க போட்டுப் பாப்போம்" என்று சொல்வாள்?

போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்து நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். ஜூன் மாதத்திலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சீட்டு கிழிந்தது என்று அர்த்தம். என் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. தி.நகரில் என் மாமனார் சண்முகசுந்தரத்துக்குப் பாத்திரக் கடை. "நல்லதாப் போச்சு ரத்னா, நீ கடையில வந்து உக்காந்துக்கோ" என்றார். பதினேழு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, இனி எவர்சில்வர் அண்டாவில் பேர் வெட்டக் காத்திருப்பவர்களுக்கு ரசீது எழுதவேண்டும். ஜான்சி வீட்டில் நிலைமை வேறு. மிக்கேல் கடலுக்குப் போகமுடியாத நாட்களில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்வி அறக்கட்டளை, தங்கள் அரசு உதவி பெறும் பள்ளிக்கு முதுகலை கணித ஆசிரியர் ஒருவர் தேவை என்று விளம்பரம் போட்டது. நேர்முகம் கிடையாது. எழுத்துத் தேர்வு, நூறு கேள்விகள், முதல் மார்க் எடுப்பவருக்கு வேலை. ஓர் இடம்தான். நானும் ஜான்சியும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டோம். சேர்ந்தே தி.நகரில் ராம்குமார் சாரின் பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தோம்.

ராம்குமார் சார் வகுப்பு ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில். மனிதர் வேகம் என்றால் வேகம். எண்ணியல் கேள்விகளில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். "3-இன் நூறாம் அடுக்கை 7-ஆல் வகுத்தா மீதி என்ன? நூறு தடவை பெருக்கிக்கிட்டு உக்காந்தா பரீட்சை முடிஞ்சுடும். 7-க்கு ஆய்லர் எண் 6. நூறை 6-ஆல் வகு, மீதி 4. 3-இன் நாலாம் அடுக்கு 81. எழுபத்தேழு போனா மீதி 4. முடிஞ்சுது. அடுத்த கேள்வி!" என்பார். பத்து விநாடிதான் ஆகும். எல்லாரும் வாயைப் பிளப்போம். "அடுக்கைப் பார், அடியை மற!" என்று போர்டின் மேல் பெரிதாக எழுதி வைத்திருந்தார். பெருக்கப்படும் எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அடுக்கை மட்டும் ஆய்லர் எண்ணால் சுருக்கு என்பது அதன் பொருள். ஓர் எண்ணைவிடச் சின்ன எண்களில் அதனோடு பொதுக்காரணி இல்லாதவை எத்தனையோ, அதுதான் அதன் ஆய்லர் எண். நாங்கள் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டோம்.

ஜான்சி மட்டும் அங்கேயும் நோட்டின் ஓரத்தில் 3, 9, 27 என்று எழுதிக்கொண்டிருப்பாள். "மேடம், நீங்க பரீட்சை எழுத வந்தீங்களா, வாய்ப்பாடு எழுத வந்தீங்களா?" என்று சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. புதன்கிழமை அறக்கட்டளை அலுவலகப் பலகையில் தற்காலிக விடைகளையும் மார்க்குகளையும் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எழுத்தில் தரவேண்டும், ஆதாரமாகப் பாடநூல் பக்கம் இணைக்கவேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. நான் 81. ஜான்சி 80. மூன்றாவது ஆள் 74.

என் பேருக்கு மேலே வேறு பேர் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜான்சி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மிஸ், கலக்கிட்டீங்க!" என்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று நான் அப்போது பார்க்கவே இல்லை.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று எங்கள் விடைத்தாள்களின் கார்பன் நகல்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். இருபத்தேழாம் கேள்வி: 2¹⁰⁰-ஐ 12-ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதி என்ன? நான் 1 என்று போட்டிருந்தேன், விடைப் பட்டியலிலும் 1. ஜான்சி 4 என்று போட்டிருந்தாள். நாற்பத்து மூன்றாம் கேள்வி: 6x-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 9 வரவேண்டும், 0 முதல் 14 வரை அப்படி எத்தனை x? ஜான்சி ஒன்று என்று போட்டிருந்தாள், பட்டியலிலும் ஒன்று. நான் பரீட்சை அவசரத்தில் ஏதோ அரைகுறை ஞாபகத்தில் மூன்று என்ற வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தேன்.

"இதுல நீங்க தப்பு, அதுல நான் தப்பு" என்றாள் ஜான்சி.

"சரி விடு. எல்லாத்தையும் மூணால வகுத்தா 2x, மீதி 3, வகுக்கிறது 5. x நாலு. ஒண்ணுதான். அவசரத்துல சொதப்பிட்டேன்" என்றேன். அதோடு அந்தக் கேள்வியை மறந்தும் போனேன்.

வியாழக்கிழமை காலை, முதல் மணி அடிக்கும் முன்னால் ஆசிரியர் அறைக்குள் வந்தாள். தலை சரியாக வாரவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"மிஸ், கொயப்பமா கீது."

"உனக்கு எப்பத்தான் குழப்பம் இல்ல?"

"அந்த இருவத்தேழாவது. சார் சொன்ன மாதிரி போட்டா 12-க்கு ஆய்லர் எண் 4. 1, 5, 7, 11, நாலு நம்பர், கரெக்ட்டு. நூறை நாலால வகுத்தா மீதி சைபர். எதோட சைபர் அடுக்கும் 1, அதனால விடை 1. அப்டித்தானே?"

"அப்டித்தான். அதைத்தான் நான் போட்டேன்."

"அப்போ 2-இன் நாலாம் அடுக்குக்கும் 1 வரணும்ல மிஸ்? அது 16. பன்னெண்டு போனா நாலுதானே மிஞ்சுது?"

நான் வாயைத் திறந்தேன். பதினாறில் பன்னிரண்டு போனால் நாலு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சின்ன நம்பரை வெச்சுப் பெரிய நம்பரை முடிவு பண்ணாத. பெல் அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போ" என்று விரட்டினேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு முதல் பீரியட் இல்லை. பீரோவில் என் எம்.எஸ்ஸி. காலத்து எண்ணியல் புத்தகம் இருந்தது. எடுத்து ஆய்லர் தேற்றத்தைப் பிரித்தேன். "a, n இரண்டும் சார்பகா எண்கள் எனில்" என்று முதல் வரியே தொடங்குகிறது. இரண்டு எண்களுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி இருக்கக்கூடாது. இருந்தால் தேற்றம் செல்லாது. 2-க்கும் 12-க்கும் பொதுவாக 2 இருக்கிறது. அந்த வரியின் கீழே பச்சை மையில் கோடு. பக்கத்தில் என் கையெழுத்திலேயே, "முக்கியம்! மறக்காதே ரத்னா!" இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கு நானே எழுதிக்கொண்டது.

போட்டே பார்த்தேன், ஜான்சி மாதிரி. 2, 4, 8, அடுத்தது 16 என்றால் மீதி 4, அதை இரட்டித்தால் 8, அதையும் இரட்டித்தால் 16, மறுபடி 4. இரண்டாம் அடுக்கிலிருந்து 4, 8, 4, 8 என்று மாறி மாறி வருகிறது, 1 வரவே இல்லை. இரட்டை அடுக்கெல்லாம் 4. நூறு இரட்டை. விடை 4.

விடைப் பட்டியல் தப்பு. நான் தப்பு. ராம்குமார் சார் தப்பு. குழப்பத்துக்கே பிறந்தவள் என்று நான் நினைத்தவள் சரி. இந்தக் கேள்வி திருத்தப்பட்டால் எனக்கு ஒன்று போய் 80, அவளுக்கு ஒன்று ஏறி 81. வேலை அவளுக்கு. எனக்குப் பாத்திரக் கடை.

புத்தகத்தை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் பீரோவில் வைக்காமல் பையில் போட்டேன் என்று கேட்டால், அன்றைக்கு எனக்கே பதில் தெரியாது. அவளிடம் காட்டவா, அவள் கண்ணில் படாமல் இருக்கவா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று மாலை, தேர்வுத் தாளை அலசுவதற்காக ராம்குமார் சார் வைத்த தி.நகர் வகுப்பில் ஜான்சி எழுந்து நின்று கேட்டேவிட்டாள். பதினாறு, பன்னிரண்டு, நாலு என்று திக்கித் திணறிச் சொன்னாள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், விடைப் பட்டியல்லயும் 1. என் புக்லயும் 1. பேப்பர் போட்டவங்க, நான், எல்லாரும் முட்டாளா? அடுக்கைப் பார், அடியை மற!" என்றார். வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

ஜான்சி என் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் விட்டுட்றேன்."

என் மடியில் கைப்பை. அதற்குள் புத்தகம். அதற்குள் பச்சைக் கோடு. வாயில் கொழுக்கட்டையா என்று ஒரு விநாடி எனக்கே கேட்கத் தோன்றியது.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாப்பில், "மிஸ், உங்க கிட்ட எம்.எஸ்ஸி. புக் ஒண்ணு இருந்துச்சே, எண்ணியல், பச்சை அட்டை? ஆட்சேபம் எழுதினா பக்கம் வைக்கணுமாமே" என்று கேட்டாள்.

"அது திருவான்மியூர்ல எங்க அண்ணி கிட்ட இருக்கு" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தின் முனை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டே செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஜான்சி அரை நாள் லீவு போட்டுவிட்டாள். எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. மத்தியானம் பன்னிரண்டாம் வகுப்பில் போர்டில் என்ன எழுதினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. "மிஸ், ரெண்டாவது வரியில மைனஸ் விட்டுப்போச்சு" என்று ஒரு பெண் சொன்னபோது அவள் மேல் எரிந்து விழுந்தேன். இரண்டரை மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். எதற்குப் போகிறேன்? புத்தகத்தைக் கொடுக்கவா? அவள் எழுதாமல் விட்டுவிட்டாளா என்று பார்க்கவா? ஆட்டோக்காரர் "ஆழ்வார்பேட்டையில எங்கம்மா?" என்று கேட்டதற்கு "தெரியல" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அறக்கட்டளை அலுவலகத்தின் முன் மேஜையில் ஹாஜிரா பீ என்று ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தபால் பிரிப்பவர். அவர் முன்னால் ஜான்சி நின்றிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி நின்றதால் என்னைப் பார்க்கவில்லை.

"புக் பக்கம் இல்லாம வாங்கக்கூடாதும்மா. எழுதிப் போட்டிருக்கோமில்ல" என்றார் ஹாஜிரா பீ.

"மேடம், புக் கெடைக்கல. ஆனா புக்கே வேணாம் மேடம். ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க. இன்னாத்த வெச்சு சொல்றேன்னா, 2-இன் நூறாம் அடுக்குன்னா ரெண்டை ரெண்டால பெருக்கிக்கினே போறது. அது எம்மாம் பெரிய நம்பரா இருந்தாலும் இரட்டைப்படை தானே?"

"சரி."

"அத்தினி மீனு கீதுன்னு வைங்க. எல்லாம் ஜோடி ஜோடியா. பன்னெண்டு பன்னெண்டா கூறு கட்றீங்க. ஒரு கூறுல ஆறு ஜோடி. எல்லாக் கூறும் கட்டி முடிச்சப்புறம் கூடையில ஒத்த மீன் எப்டி மேடம் மிஞ்சும்? மிஞ்சினா ஜோடியாத்தானே மிஞ்சும்?"

ஹாஜிரா பீ தபாலைக் கீழே வைத்தார். விரலால் மேஜையில் ஏதோ கோடு போட்டார். கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டார்.

"அட ஆமா! ஒத்தை மிஞ்சாதே! அப்ப எப்படி ஒண்ணுன்னு போட்டாங்க?"

"அதான் மேடம் எனக்கும் கொயப்பமா கீது."

தேற்றம் இல்லை, சார்பகா எண் இல்லை, ஒன்றும் இல்லை. இரட்டையிலிருந்து இரட்டை போனால் ஒற்றை வராது. இதைப் பார்க்காமலா நான் பரீட்சையில் 1 என்று கறுப்பாக்கினேன்? இதைப் பார்க்காமலா அந்த ராம்குமார் பத்து வருஷமாகப் பாடம் நடத்துகிறார்? எங்கள் வேகத்தில் இடி விழ!

"நாலுன்னு எப்படி வந்துச்சு?" என்று ஹாஜிரா பீ விடாமல் கேட்டார். கணக்கில் அவருக்கே ஆசை வந்துவிட்டது.

"இந்த நம்பர் நாலால வகுபடும், பன்னெண்டும் நாலால வகுபடும். அதனால மீதி 0, 4, 8, இதுல ஒண்ணுதான். அப்புறம் மூணால வகுத்துப் பாத்தேன். 2, 4, 8, 16, மீதி 2, 1, 2, 1. நூறாவதுக்கு 1. சைபரை மூணால வகுத்தா மீதியே இல்ல, எட்டுக்கு ரெண்டு. நாலுக்கு மட்டுந்தான் ஒண்ணு. நாலுதான் மேடம்."

தேற்றம் மண்டையில் ஏறாது என்று சொன்னவள் பேசுகிறாள்! அவளுக்கே தெரியாமல் அது ஒரு முழு நிரூபணம்.

ஹாஜிரா பீ காகிதத்தை வாங்கி முத்திரை குத்தினார். "புக் இல்லன்னு ஒரு குறிப்பு போட்டு உள்ள அனுப்புறேன். நிபுணர் பாக்கட்டும். ஏம்மா, இதுல ரெண்டு கேள்வி எழுதியிருக்கே?"

"ஆமா மேடம். நாப்பத்தி மூணும்."

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். ஜான்சி திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மிஸ்! நீங்களும் வந்துட்டீங்களா! தலைவலியா மிஸ், மூஞ்சே சரியில்ல?"

"நாப்பத்து மூணுல என்ன? அதுல நீ போட்டது சரின்னுதானே விடைப் பட்டியல் சொல்லுது?"

"அதான் இல்ல மிஸ். எது மேலயும் நம்பிக்கையில்லாம பூடுச்சு, அதையும் போட்டுப் பாத்தேன். 4 போட்டா ஆறு நாலு இருவத்தி நாலு, பதினஞ்சு போனா 9. சரி. 9 போட்டேன், அம்பத்தி நாலு, நாப்பத்தஞ்சு போனா 9. அதுவும் சரி! 14 போட்டா எம்பத்தி நாலு, எழுவத்தஞ்சு போனா அதுவும் 9. மூணு விடை கீது மிஸ். மூணால வகுத்தப்போ நாம 5 வரைக்குந்தான் பாத்தோம், 15 வரைக்கும் திரும்ப வரல. நீங்க போட்டதுதான் கரெக்ட்டு. மூணு."

மூளை மெதுவாகக் கூட்டிக் கழித்தது. இருபத்தேழு திருந்தினால் எனக்கு ஒன்று போகும், அவளுக்கு ஒன்று வரும். நாற்பத்து மூன்று திருந்தினால் எனக்கு ஒன்று வரும், அவளுக்கு ஒன்று போகும். மறுபடி 81, 80. முதல் கேள்வியை மட்டும் எழுதியிருந்தால் வேலை அவளுக்கு. இரண்டையும் எழுதியதால் எனக்கு.

"ஏன்டி, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தியேவிட்டேன். ஹாஜிரா பீ நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுதினா உனக்கு மார்க் போகும்னு தெரியாதா? கூட்டிப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் மிஸ். ரெண்டு தடவ பாத்தேன்." குரல் இறங்கிவிட்டது. "அம்மா கூட, அறிவுகெட்டவளே, ஒண்ணை மட்டும் எயுதுடின்னுச்சு. எயுதிப் பாத்தேன். அதுல தப்புன்னு நானே சொல்லிட்டு, இதுல தப்புன்னு தெரிஞ்சும் மூடிக்கினு இருந்தா... எப்டி மிஸ்? நாளைக்குப் பசங்களுக்கு போட்டுப் பாருன்னு சொல்லும்போது எனக்கே கொயப்பமாப் பூடும்."

அப்போது நான் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கலாம். இதோ ஆதாரம், அண்ணியிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். மணி மூன்றே கால்தான். வைக்கவில்லை. கைப்பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்வதுதான் பாக்கி.

பத்து நாளில் இறுதி விடைகள் வந்தன. இருபத்தேழுக்கு 4. நாற்பத்து மூன்றுக்கு மூன்று. ரத்னா 81. ஜான்சி 80. ராம்குமார் சார் போர்டின் மேல் இருந்த வாசகத்தை அழித்துவிட்டு, "அடியையும் பார்" என்று எழுதினாராம். அதையும் ஏதோ புதுக் குறுக்குவழி மாதிரியே சொல்லிக்கொடுக்கிறாராம்.

ஜான்சிக்கு இப்போது மந்தைவெளியில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை, சாயங்காலம் மட்டும். காலையில் அம்மாவோடு மீன் கூடையைத் தூக்குகிறாள். நான் ஆழ்வார்பேட்டைப் பள்ளியில் சேர்ந்த அன்று, நேராக என் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பேனா, ரிப்பன் கட்டி. சரியான பள்ளிக்கூடம்தானா என்று வாட்ச்மேனிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். பாதி வழியில், "மிஸ், ஒண்ணு கேக்கட்டா? ரொம்ப நாளா உறுத்திக்கினு கீது" என்றாள்.

"கேளு."

"அன்னிக்கு கிளாஸ்ல சார் சொன்னதுதான் சரின்னு சொன்னீங்களே. நெசமாவே உங்களுக்கும் கொயப்பமா இருந்துச்சா?"

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகமாக இல்லை. விடை தெரியவேண்டும் என்று கேட்கிற பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆமா ஜான்சி. எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். "நான் ஒருத்திதான் மக்குன்னு நெனைச்சுக்கினு இருந்தேன் மிஸ். உங்களுக்கே கொயப்பம்னா சரிதான்." அடுத்த பஸ்ஸில் ஒரு காலை வைத்தவள், திரும்பி, "அந்தப் பச்சை அட்டை புக்கு அண்ணி கிட்டேர்ந்து வந்தா குடுங்க மிஸ். அடுத்த பரீட்சைக்கு ஒயுங்கா தேற்றம் படிக்கணும்" என்றாள். பிறகு கண்டக்டரிடம், "இது பட்டினப்பாக்கம் போகும்ல?" என்று கேட்டாள்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொடுத்தால் பச்சைக் கோடு போட்ட பக்கத்தையும் அவள் பார்ப்பாள். இரண்டு தடவை பார்ப்பாள்.